ஒரு கிளாஸ் தண்ணீர்

மூவாரில் ஏதாவது ஒரு தாமானில் குடியிருப்பவர் என்றால் இந்த விற்பனையாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட்டருகே வந்து நிற்பார். தோளில் ஒரு பை, கழுத்தில் ஓர் அட்டை. “அக்கா, எதுவும் வாங்க வேண்டாம். உங்க பைப்புத் தண்ணி ஒரு கிளாஸ் கொடுங்க, சோதிச்சுக் காட்டிட்டுப் போயிடுறேன்” என்பார். ஒரு கிளாஸ் தண்ணீரை யார் இல்லையென்பது? கொடுக்கிறோம். தண்ணீரில் எதையோ விட்டுக் காட்டுகிறார். பிறகு, சமையலறைக் குழாயை ஒருமுறை பார்க்கலாமா என்கிறார். உள்ளே வருகிறார். பையிலிருந்து படங்கள் வெளியே வருகின்றன. சுத்திகரிப்புக் கருவி 3,200 வெள்ளி. “ஐயோ, வேண்டாம்பா” என்கிறோம். அவர் முகம் சுருங்கவில்லை. “சரிக்கா, அது வேண்டாம். குழாயில மாட்டுற இந்தச் சின்ன வடிகட்டி மட்டும் எடுத்துக்குங்க, 480 வெள்ளிதான்.” அரைமணி நேரத்துக்கு முன் மனத்திலேயே இல்லாத ஒரு பொருள் இப்போது வீட்டில் இருக்கிறது.

அந்த அரைமணி நேரத்தில் அவர் இரண்டு உத்திகளைக் கையாண்டிருக்கிறார். முதலாவது சிறியதைக் கேட்டுப் பெரியதற்குப் போவது. கதவு மூடாதபடி நிலைப்படியில் காலை வைத்துக்கொள்ளும் விற்பனையாளரை நினைத்து உளவியலாளர்கள் இதற்கு ‘வாசலில் கால்’ என்று பெயர் வைத்தார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இரண்டாவது தலைகீழானது. ஆனை விலை குதிரை விலை சொல்லி, முகத்தில் கதவைச் சாத்தவைத்து, அதன்பின் உண்மையில் வேண்டியதைக் கேட்பது. இதன் பெயர் ‘முகத்தில் கதவு’. ஒன்று ஏற்றம், இன்னொன்று இறக்கம். எதிரெதிரான இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிப் பலிக்கின்றன? இதற்கான விடை, ஆய்வாளர்கள் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்த்தபோது கிடைத்தது. கேட்கும் ஆளை மாற்றினார்கள்.

முதல் உத்தியை 1966இல் சோதித்துக் காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் இருவரும். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்து இல்லத்தரசிகளை அவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். வேண்டுகோள் சற்று அத்துமீறலானது: ஐந்தாறு ஆண்கள் உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் அலமாரிகளையெல்லாம் திறந்து, என்னென்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் எடுப்பார்கள், சம்மதமா? இதை நேராகக் கேட்டபோது 36 பேரில் 8 பேர் சம்மதித்தார்கள். இன்னொரு 36 பேரிடம் மூன்று நாள் முன்பே அழைத்து, வீட்டில் என்ன சோப்பு பயன்படுத்துகிறீர்கள் என்பதுபோன்ற சில எளிய கேள்விகளை மட்டும் கேட்டிருந்தார்கள். அவர்களில் 19 பேர் சம்மதித்தார்கள். சோப்பின் பெயரைச் சொன்னதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்திருக்கவில்லை.

கேட்டவர் குரல் பழகிப்போனதால் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார்களோ என்ற சந்தேகம் எழும். அதைத் தீர்க்கத்தான் இரண்டாவது சோதனை. இந்தமுறை ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ‘கவனமாக வாகனம் ஓட்டுங்கள்’ என்று எழுதிய பெரிய பலகையை உங்கள் வீட்டுப் புல்வெளியில் நடலாமா என்று கேட்டார்கள். கூடவே ஒரு படமும் காட்டினார்கள். அழகான வீடு ஒன்றின் முகப்பை, கோணல்மாணலாக எழுதிய அந்தப் பலகை மறைத்துக்கொண்டு நின்றது. நேராகக் கேட்டபோது நூற்றுக்கு 17 பேர்கூடச் சம்மதிக்கவில்லை. வேறு சிலரிடம் இரண்டு வாரம் முன்பு, பாதுகாப்பாக ஓட்டுங்கள் என்ற மூன்று அங்குல வில்லை ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் 76 விழுக்காட்டினர் பலகைக்கும் சரி என்றார்கள். இரண்டாம் முறை வந்தவர் வேறு ஆள். வேறு அமைப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

அதைவிட வியப்பான ஒரு முடிவும் அங்கே இருந்தது. இன்னொரு குழுவினரிடம் முதலில் கேட்டது சாலைப் பாதுகாப்பைப் பற்றியதே இல்லை. கலிபோர்னியாவை அழகாக வைத்திருக்க வேண்டும் என்ற மனுவில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். விஷயமும் வேறு, செய்த செயலும் வேறு, இரண்டு வாரம் கழித்து வந்த ஆளும் வேறு. அப்படியிருந்தும் அவர்களில் 47 விழுக்காட்டினர் அந்த அசிங்கமான பலகைக்கு இடம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மனுவோடு வந்தவர் எப்போதோ போய்விட்டார். அப்படியென்றால் அவர் விட்டுச்சென்றது எங்கே தங்கியிருக்கும்? கையெழுத்துப் போட்டவரின் மனத்தில்தான். “பொதுக்காரியத்துக்குக் கைகொடுக்கிற ஆள் நான்” என்று அவர் தன்னைப் பற்றியே சற்று வேறுவிதமாக நினைக்கத் தொடங்கியிருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பிறர் செய்வதைப் பார்த்து அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முடிவு செய்கிறோம். நம் செயலைப் பார்த்து நம்மைப் பற்றியும் அப்படியே முடிவு செய்துகொள்கிறோம்.

இனி இரண்டாவது உத்தி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1975இல் இதை வெளியிட்டார்கள். வளாகத்தில் நடந்துபோகும் மாணவர்களை நிறுத்தி, சிறார் சீர்திருத்த இல்லத்துப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போக வருவீர்களா என்று கேட்டார்கள். சம்பளம் கிடையாது. 24 பேரில் 4 பேர் வருவதாகச் சொன்னார்கள். வேறு 24 பேரிடம் முதலில் கேட்டது இது: வாரம் இரண்டு மணி நேரம், குறைந்தது இரண்டு ஆண்டு, அந்த இல்லத்தில் ஆலோசகராக இருப்பீர்களா? மறுப்பு வந்தபிறகு மிருகக்காட்சி சாலையைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது 12 பேர் சம்மதித்தார்கள்.

பெரியதைப் பார்த்த கண்ணுக்குச் சிறியது மேலும் சிறியதாகத் தெரிந்தது, அவ்வளவுதானே என்று தோன்றும். அதற்காகவே மூன்றாவது குழு ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த 24 பேருக்கு இரண்டு ஆண்டுத் திட்டத்தை விவரித்தார்கள், ஆனால் அதற்கு வரச்சொல்லிக் கேட்கவில்லை. சின்ன வேலையை மட்டும் கேட்டார்கள். சம்மதித்தவர்கள் 6 பேர். பெரியதைக் கண்ணில் காட்டினால் மட்டும் போதாது. கேட்டு, மறுக்கப்பட்டு, அதன்பின் இறங்கி வர வேண்டும்.

அடுத்த சோதனையில் ஆளை மாற்றினார்கள். பெரிய வேண்டுகோளை ஒருவரும், அது மறுக்கப்பட்டதும் சின்ன வேண்டுகோளை இன்னொருவரும் கேட்டார்கள். ஒரே ஆள் இரண்டையும் கேட்டபோது 55 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். சின்னதை மட்டும் நேராகக் கேட்டபோது 31 விழுக்காடு. ஆள் மாறியபோதோ 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ‘வாசலில் கால்’ ஆள் மாறினாலும் இரண்டு வாரம் தாங்கியது. ‘முகத்தில் கதவு’ ஆள் மாறிய உடனே செத்துப்போனது.

ஏனென்றால் இந்த இரண்டாவது உத்தி வாழும் இடம் வேறு. கேட்டவர் இரண்டு ஆண்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு இறங்கி வந்தார், நாமும் ஒரு படி இறங்குவதுதான் முறை. மொய் எழுதியவர் வீட்டுக்கு மொய் எழுதுகிற அதே கணக்கு இது. இறங்கி வந்தவருக்குத்தான் அந்தக் கடன். புதிதாக வந்து நிற்பவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அவருக்கு நாம் எதுவும் தர வேண்டியதில்லை. அதோடு, ஒருமுறை ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லும் நம்மைப் பற்றி நாமே செய்துகொண்ட ஒரு முடிவாக நிற்கிறது. அந்த 10 விழுக்காடு நேராகக் கேட்டதைவிடவும் குறைந்துபோனதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதும் முக்கியம். இரண்டு வேண்டுகோளுக்கும் நடுவே நாட்கள் கடந்தால் இந்த உத்தி வலுவிழப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவற்றை மந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. பல சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசியவர்கள், இரண்டு உத்திகளின் விளைவும் சராசரியில் சிறியதே என்று கண்டார்கள். மிருகக்காட்சி சாலைச் சோதனையை ஒலிவர் கென்ஷோவும் குழுவினரும் 400க்கும் மேற்பட்டவர்களோடு மறுபடி செய்து 2021இல் வெளியிட்டார்கள். விளைவு மறுபடியும் தெரிந்தது. ஆனால் வாயால் சரி என்பது ஒன்று, வந்து நிற்பது இன்னொன்று. 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ‘முகத்தில் கதவு’ வாய்ச்சம்மதத்தைக் கூட்டியது, செயலில் அந்த அளவு தெளிவான விளைவைக் காட்டவில்லை. முதல் கோரிக்கை நம்பவே முடியாத அளவுக்குப் போனால், இறங்கி வருவது விட்டுக்கொடுத்தலாகத் தெரியாமல் நாடகமாகத் தெரிந்து காரியம் கெட்டுவிடும்.

‘வாசலில் கால்’ உத்திக்கும் ஓர் எல்லை உண்டு. முதல் சிறு உதவிக்குக் காசு கொடுத்தால் அதன் வலிமை குறைகிறது. காசுக்காகச் செய்தேன் என்று மனம் சொல்லிக்கொள்ளும், நான் இப்படிப்பட்டவன் என்று சொல்லிக்கொள்ளாது. மலேசியக் காவல்துறை அடிக்கடி எச்சரிக்கும் பகுதிநேர வேலை மோசடியைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வருபவர் முதலில் ஒரு காணொளிக்கு விருப்பக்குறி போடச் சொல்வார், உடனே சில வெள்ளி கணக்கில் விழும். பிறகு வேறொருவர் பொறுப்பேற்று, பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார். ஆள் மாறியும் படிகள் ஏறுகின்றன என்பதில் ‘வாசலில் கால்’ தெரிகிறது. அந்தச் சில வெள்ளி வாங்குவதோ வேறொன்றை: நம்பிக்கையை. கட்டிய பணத்தை மீட்க மேலும் கட்டுவது மூன்றாவது பொறி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தயங்காமல் 997ஐ அழைக்க வேண்டும்.

கேட்டருகே நிற்பவரிடம் திரும்புவோம். வீடு தேடி வந்து விற்பவர்களுக்கும் பொருந்துகிற, 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிடுத் திட்ட எதிர்ப்புச் சட்டம் மலேசியாவில் இருக்கிறது. அப்படிப் போட்ட ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்துகொள்ள அது இடம் தருகிறது. மலாயில் இதை ‘தெம்போ பெர்தெனாங்’ என்பார்கள், அமைதியடையும் காலம். இறங்கி வந்தவருக்குப் பட்ட கடன் அதற்குள் ஆறிப்போகும். ஆனால் உள்ளே விட்டோம், நேரம் கொடுத்தோம், வாங்குகிற ஆள்தான் நான் என்ற எண்ணம் பத்து நாளில் தானாக ஆறாது. அதற்கு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி சோதனைகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முன்கதை எதுவும் இல்லாமல், கடைசி வேண்டுகோளை மட்டும் நேராகக் கேட்கப்பட்ட ஒரு குழு இருந்தது. 36இல் 8 பேர், 24இல் 4 பேர் என்று நாம் பார்த்தவர்கள் அவர்கள்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தக் குழுவில் நாமும் ஒருவராகப் போய் நின்று பார்க்கலாம். தண்ணீர் கேட்கவில்லை, உள்ளே வரவில்லை, 3,200 வெள்ளிப் பேச்சே எழவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டருகே வந்து முதல் வார்த்தையாக, “480 வெள்ளிக்கு ஒரு வடிகட்டி வாங்கிக்குங்க” என்கிறார். வாங்குவேனா? ஆம் என்று வந்தால் வாங்கலாம், நல்ல வடிகட்டியாகக்கூட இருக்கலாம். இல்லை என்று வந்தால், அவருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும்தான், அதுவும் குடிப்பதற்கு.