துருவேறிய போல்ட்டும் ஒரு ராத்திரி அவகாசமும்

கடற்கரை ஊர்களில் இரும்பு கேட்டுக்கு ஆயுள் குறைவு. நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் உள்ள பழைய வீட்டின் கேட்டை எடுத்துக்கொள்வோம். தூணில் பதித்த இரும்புப் பட்டையோடு கீலின் தகட்டை இரண்டு போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. கீல் தேய்ந்து கேட் தரையில் உரசுகிறது. அதை மாற்ற வேண்டும். மேல் போல்ட் கழன்றுவிட்டது. தூணோரத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கும் கீழ் போல்ட் அசையவில்லை. இந்த நிலையில் நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஸ்பேனர் பிடியில் நீளமான பைப்பைச் சொருகி, முழு பலத்தையும் போட்டு ஒரே நெம்பாக நெம்புவோம். நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கும், அல்லது போல்ட்டே முறியும். அதற்குப் பிறகு ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

முரண்டு பிடிப்பது போல்ட்டின் வலிமை என்று நினைக்கிறோம். உண்மையில் அது இட நெருக்கடி. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிடும். போல்ட் மரைக்கும் நட் மரைக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளிக்குள் அந்தத் துரு பொருமி அடைத்துக்கொள்கிறது. ஆனால் துரு இரும்பைப் போல இழுவிசை தாங்காது. நொறுங்கும் பொருள் அது. அதை நொறுக்கி, வழுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருவதுதான் இங்கே வேலை. பலத்துக்கு இதில் கடைசி இடம்தான்.

முதலில் கேட்டின் பாரத்தை இறக்குங்கள். கேட்டுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து, ஆப்பு அடித்துத் தாங்கவிட வேண்டும். கேட் தொங்கிக்கொண்டே இருந்தால் அதன் எடை போல்ட்டைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இருக்கும். கழன்ற நிமிஷத்தில் கேட் காலில் விழவும் கூடும். அடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெயின்ட்டும் மண்ணும் மூடியிருந்தால் எண்ணெய் மேலே வழிந்தோடுமே தவிர உள்ளே போகாது. நட் கழலத் தொடங்கினாலும், வெளி மரையில் இருக்கும் துருவிலேயே மறுபடி மாட்டிக்கொள்ளும்.

இனி எண்ணெய். ஹார்டுவேர் கடையில் துரு இளக்கும் ஸ்ப்ரே என்று கேட்டால் கொடுப்பார்கள். இந்த எண்ணெய் தண்ணீரைப் போல மெலிதாக இருப்பதால், மயிரிழை இடுக்கிலும் தானாக ஊர்ந்து ஏறும். தேங்காய் எண்ணெயும் என்ஜின் ஆயிலும் தடிப்பானவை. இந்த வேலைக்கு அவை உதவாது. ஸ்ப்ரே கிடைக்காதபோது ஒர்க்ஷாப்புகளில் மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து விடுவதும் உண்டு. எதை விட்டாலும் அவகாசம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை விடுங்கள். நட்டின் இரண்டு பக்கமும், போல்ட் தலைக்கு அடியிலும் நனைய வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிஷமே ஸ்பேனரைப் போட்டு, “இந்த எண்ணெய் சரியில்லை” என்பவர்கள்தான் அதிகம்.

எண்ணெய் ஊறும்போதே தட்டலும் நடக்க வேண்டும். கால் கிலோ சுத்தி போதும். போல்ட்டின் நுனியில் நேராக அடித்தால் மரை சப்பிப்போய், நட் வெளியே வர வழியில்லாமல் ஆகிவிடும். அதனால் போல்ட் தலை இருக்கும் பக்கத்திலிருந்து அதன் நீளவாக்கில் தட்டுங்கள். நட்டைத் தட்டும்போது அதன் ஒரு பக்கத்தில் கனமான இன்னொரு சுத்தியை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் தட்ட வேண்டும். பிறகு நட்டைச் சுற்றி அடுத்தடுத்த பக்கங்களுக்கு மாறுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். ‘டங் டங்’ என்று ஒரே சீராக, நிறையத் தடவை. ஒவ்வொரு அதிர்விலும் துருவில் நுண்ணிய விரிசல் விழுகிறது. அந்த விரிசல் வழியே எண்ணெய் இன்னும் உள்ளே இறங்குகிறது. காதைக் கொடுத்துக் கேட்டால் சத்தம் மந்தமாக இருந்து மெல்ல மாறுவதும், நட்டின் ஓரத்தில் சிவப்புக் குழம்பாகத் துரு கசிவதும் தெரியும். வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்படியும் அசையாவிட்டால் சூடு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சூடாக்க வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. வெளியிலிருந்து சூடேறும்போது நட் விரிகிறது, அதன் துளையும் கூடவே பெரிதாகிறது. 12 மில்லிமீட்டர் நட்டைப் போல்ட்டைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும், துளை விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான். துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். ஆனால் மெதுவாகச் சூடாக்கினால் போல்ட்டும் சேர்ந்து விரிந்துவிடும், பலன் இருக்காது. கையடக்க கேஸ் டார்ச்சின் தீயை நட்டின் பக்கங்களில் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டி, சீக்கிரம் சூடாக்க வேண்டும். செக்கச்சிவக்கப் பழுக்க வேண்டிய அவசியமில்லை.

தீ என்றால் எச்சரிக்கை கட்டாயம். ஊறவிட்ட எண்ணெயை முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள்; ஸ்ப்ரே டப்பாவும் மண்ணெண்ணெயும் பக்கத்தில் இருக்கவே கூடாது. ஒரு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்; நட்டைச் சுற்றி இருப்பதைத் தீ காட்டும் முன்பே ஈரப்படுத்திச் சுரண்டி எடுங்கள். வெள்ளியாய் மினுக்கும் துத்தநாகப் பூச்சுள்ள நட்டானால் சூடே வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். தூண் சிமென்ட் என்பதால், தீ நேராகப் படாதபடி நடுவே ஒரு தகரத்தை நிறுத்துங்கள். ஈரம் ஊறிய சிமென்ட் சூட்டில் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

சூடேறியதும் உடனே ரிங் ஸ்பேனரைப் போடுங்கள். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடித்து மூலையை மழுக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். போல்ட் தலையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அழுத்தம், பிறகுதான் கழற்றும் பக்கம். நட்டை நேருக்கு நேர் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. கீலுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து வேலை செய்யும்போது திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

கையில் கிடைக்கும் உணர்வைக் கவனியுங்கள். ‘கிறீச்’சென்று சத்தமிட்டு வெடுக்கென்று நகர்ந்தால் நட் விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரைப் போல வழிந்துகொடுத்தால் போல்ட் முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்று போனால் முறிந்துவிடும். அங்கேயே நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயும் தட்டலும். நகரத் தொடங்கிய நட்டையும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய் என்று போனால், அரைபட்ட துரு வெளியேறிக்கொண்டே வரும்.

சூடு, எண்ணெய், தட்டல் என்று இரண்டு மூன்று முறை மாறிமாறிச் செய்தும் அசையாத போல்ட்டில், மரை தேய்ந்து இரும்பே மெலிந்துபோயிருக்கும். அதைக் காப்பாற்றி எந்தப் பயனும் இல்லை. கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மரையைத் தொடாத ஆழத்துக்கு அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் நட் பிளந்துகொள்ளும். கீல் தகடும் தூணில் பதித்த பட்டையும் சேதப்படாது. எப்படிக் கழன்றாலும் பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அதே அளவில் துத்தநாகம் பூசிய போல்ட்டும் நட்டும் வாங்கி, மரை முழுக்க கிரீஸ் தடவி, இருபக்கமும் வாஷர் வைத்து முடுக்குங்கள். நட்டுக்கு வெளியே நீட்டும் மரையிலும் கொஞ்சம் கிரீஸை அப்பிவிட்டு, மழைக்காலம் தொடங்கும் முன் வருஷா வருஷம் அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் போதும்.