திட்டத்தோடு வந்த நெட்ஃபிளிக்ஸ்

ஜியோ, ஏர்டெல் நிறுவனங்களின் சில ரீசார்ஜ் திட்டங்களில் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்தே வருகிறது. அதை நிறுத்த நினைப்பவர் முதலில் செய்வது செயலியை நீக்குவதுதான். அதனால் சந்தா நிற்காது.

நெட்ஃபிளிக்ஸின் கணக்குப் பக்கத்தில் கட்டண விவரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இருந்தால், பணம் போவது அந்த நிறுவனம் வழியாக. சந்தாவை மட்டும் நிறுத்தினாலும் ரீசார்ஜ் தொகை குறையாது. நெட்ஃபிளிக்ஸ் இல்லாத திட்டத்துக்கு மாறினால்தான் செலவு மிச்சம்.

சிக்கல் இங்கேதான். பழைய கணக்கில் வங்கி அட்டை பதிவாகியிருந்தால், திட்டம் மாறிய பிறகு கட்டணம் அந்த அட்டைக்குத் திரும்பக்கூடும். எனவே திட்டத்தை மாற்றும்போது நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலும் தனியாக ரத்து செய்யுங்கள். அடுத்த மாத வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.