குழாய்த் தாரை ஏன் மெலிகிறது?

சமையலறைக் குழாயின் முனையில் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டுப் பாதி திறந்து வையுங்கள். தண்ணீர் சிதறாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி விழ வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப சுமார் 18 விநாடி ஆகிறது, குழாய் வாயின் விட்டம் 12 மி.மீ. என்றால் தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. பத்து செ.மீ. விழுந்ததும் ஈர்ப்பு விசை அந்த வேகத்தை விநாடிக்கு ஒன்றரை மீட்டராக்கிவிடும். வேகம் மூன்று மடங்கு ஆனதால் தாரையின் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 12 மி.மீ. விட்டம் அங்கே 7 மி.மீ. ஆகியிருக்கும். ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுதான் தெரியும்.

மெலிகிறது என்றால், விளிம்பில் உள்ள தண்ணீர் கீழே விழுந்துகொண்டே நடுவை நோக்கியும் நகர்கிறது என்று பொருள். கீழ்நோக்கிய வேகம் நமக்குத் தெரியும். அது ஈர்ப்பு விசை தந்தது. பக்கவாட்டு வேகத்தை யாரும் அளக்கவில்லை, அளப்பதும் எளிதல்ல. ஆனால் அளக்காமலே அதைச் சொல்லிவிடலாம். பொறியியல் மாணவர்கள் ‘கன்டின்யூட்டி’ என்றும் பாடநூல்கள் ‘தொடர்ச்சிச் சமன்பாடு’ என்றும் சொல்வது அதற்கான கணக்கைத்தான்.

அதன் அடிப்படை குடும்பத்தலைவிக்குத் தெரிந்த வரவு செலவு. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகவே தண்ணீருக்குள் எங்கே ஒரு சின்னக் கற்பனைப் பெட்டியை வைத்தாலும், உள்ளே வருகிற அளவும் வெளியே போகிற அளவும் எந்தக் கணத்திலும் சமமாக இருந்தாக வேண்டும்.

தாரையின் தொடக்கத்தில் 1 மி.மீ. உயரமுள்ள ஒரு வட்டத் தகட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆரம் 6 மி.மீ. மேல் முகத்தில் விநாடிக்கு 500 மி.மீ. வேகத்தில் தண்ணீர் நுழைகிறது. அந்த ஒரு மி.மீ. இறங்குவதற்குள் வேகம் ஏறத்தாழ 20 மி.மீ. கூடிவிடும், சரியாகச் சொன்னால் 19.6. தகட்டின் முகப்பரப்பு 113 சதுர மி.மீ. அப்படியானால் மேலே வருவதைவிடக் கீழே போவது விநாடிக்கு 113 × 19.6, அதாவது சுமார் 2,217 கன மி.மீ. அதிகம். இந்தக் கூடுதல் தண்ணீர் பக்கச் சுவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. பக்கச் சுவரின் பரப்பு 37.7 சதுர மி.மீ. வகுத்தால் 59 மி.மீ. கிடைக்கிறது. விளிம்பில் இருக்கும் தண்ணீர் விநாடிக்கு ஆறு செ.மீ. வேகத்தில் நடுவை நோக்கி நகர்கிறது. காணாமல் இருந்த கூறு கைக்கு வந்துவிட்டது.

இதே வரவு செலவைப் புள்ளியளவு பெட்டிக்குச் சுருக்கி, மூன்று திசைகளுக்கும் பொதுவாக எழுதினால் இப்படி இருக்கும்:

∂u/∂x + ∂v/∂y + ∂w/∂z = 0

u, v, w என்பவை x, y, z திசைகளில் உள்ள வேகங்கள். ஒவ்வொரு வேகமும் தன் சொந்தத் திசையில் போகப் போக எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு திசையில் ஓட்டம் நீண்டால் இன்னொரு திசையில் ஒடுங்கியே தீரும். 1757-இல் பெர்லின் அகாதெமி வெளியிட்ட தன் கட்டுரையில் லெயோனார்டு ஆய்லர் பாய்மங்களின் இயக்கத்தைப் பொதுவாக எழுதியபோது இந்தக் கணக்கும் அதில் இருந்தது. இதில் நேரம் வராததைக் கவனியுங்கள். குழாயைத் திருகித் திருகி ஓட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் அந்தந்தக் கணத்தில் கூட்டல் பூஜ்யம்தான்.

தேர்வுத்தாளில் இது இரண்டு உருவத்தில் வரும். ஒன்று, கொடுத்த வேகங்கள் சமன்பாட்டுக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதிப்பது. u = x² − y², v = −2xy என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2x தருகிறது, இரண்டாவது −2x. கூட்டினால் பூஜ்யம், ஒத்துவருகிறது. இதிலேயே v-க்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை எடுத்துவிட்டால் கூட்டுத்தொகை 4x ஆகிவிடும். சில மாணவர்கள் ஏதோ ஒரு புள்ளியைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் புள்ளியில் x = 0 ஆக இருந்துவிட்டால் விடை பூஜ்யம்; ‘ஒத்துவருகிறது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது தவறு. ஓட்டம் இருக்கும் எல்லா இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும். x = 1 என்ற இடத்தில் அது 4. அதாவது அங்கே வைக்கும் சின்னப் பெட்டி ஒவ்வொரு விநாடியும் தன் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு தண்ணீரை ஒன்றுமில்லாததிலிருந்து வெளியே விடுகிறது. அப்படிப்பட்ட தண்ணீரை எந்தக் குழாயிலும் பிடிக்க முடியாது.

மற்றொன்று, u-வைக் கொடுத்துவிட்டு v-யைக் கேட்பது. u = x² − y² என்றால் ∂v/∂y = −2x. இதை y-யைப் பொறுத்துத் தொகையிட்டால் v = −2xy கிடைக்கும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் பேனாவை மூடுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் ஒரு C-யைச் சேர்ப்பார்கள். அதுவும் போதாது. y திசையில் வகையிடும்போது y இல்லாத எதுவும் மறைந்துபோகும்; மாறிலி மட்டுமல்ல, x³ கூட மறையும். ஆகவே உண்மையான விடை v = −2xy + f(x). அந்த f(x) எதுவாக இருந்தாலும் சமன்பாடு தலையாட்டிவிடும்.

எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவது இதுதான். தொடர்ச்சிச் சமன்பாடு காணாமல்போன வேகத்தை முழுதாகத் தருவதில்லை. அந்த வேகம் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் தருகிறது. எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஓட்டத்தின் எல்லைதான் சொல்ல வேண்டும். y = 0 என்ற இடத்தில் ஒரு சுவர் இருந்தால் தண்ணீர் அதைத் துளைத்துப் போகாது. அங்கே v = 0; ஆகவே f(x) = 0. அதே சுவர் முழுக்கச் சின்னத் துளைகள் போட்டு, அடியிலிருந்து ஒரே சீராக உறிஞ்சினால் f(x) உறிஞ்சும் வேகத்துக்குச் சமம், குறி மட்டும் கழித்தல். கொடுத்த u மாறவே இல்லை, சுவர் மாறியது, விடையும் மாறியது.

குழாய்த் தாரைக்கு வருவோம். அங்கே சுவர் இல்லை. எல்லையாக நிற்பது நடு அச்சு. வட்டமான ஓட்டத்துக்குச் சமன்பாட்டின் உருவம் கொஞ்சம் வேறு:

(1/r) ∂(r u_r)/∂r + ∂w/∂z = 0

இதைத் தொகையிட்டால் u_r = −(r/2)(∂w/∂z) + C/r. நடுவில் r பூஜ்யம் ஆவதால் C/r எல்லையில்லாமல் பெருகிவிடும். தாரையின் நடுவில் அப்படி எதுவும் நடக்கவில்லை, எனவே C பூஜ்யம். r-க்கு 6 மி.மீ., ∂w/∂z-க்கு 19.6 போட்டால் 59 மி.மீ. திரும்பக் கிடைக்கும், உள்நோக்கி.

அந்த 1/r எதற்கு என்று கேட்கலாம். தேர் நிலையை நோக்கி நாலு திசையிலிருந்தும் கூட்டம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்தாலும் உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து நெரிசல் கூடும். அந்த நெரிசலைக் கணக்கில் சேர்ப்பதுதான் 1/r. இதை மறந்து, நேர்கோட்டு அச்சுகளுக்கான சமன்பாட்டிலேயே r-ஐப் போட்டால் விளிம்பின் வேகம் 118 மி.மீ. என்று இரட்டிப்பாக வரும். தாளில் அது தவறென்று தெரியாது. ஸ்கேலில் தெரியும். அந்தக் கணக்குப்படி பத்து செ.மீ. கீழே தாரையின் விட்டம் 4 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் வேகத்தில் 4 மி.மீ. தாரை எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகும் என்று பார்த்தால், குழாய் விட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு எங்கே?

வலையைக் கழற்றச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அந்த வலை தண்ணீரோடு காற்றைக் கலக்கிறது. வாயருகே தாரையின் பாதி குமிழியாக இருந்தால், பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தண்ணீர் என்ற கணக்கு உடைந்துவிடும்.

காற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? காற்று அமுங்கும்தான். ஆனால் ஒலி வேகத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் கீழே வீசும்போது வேகத்தால் அதன் அடர்த்தி ஐந்து சதவீதத்துக்குள்தான் மாறுகிறது. எனவே தரையை ஒட்டிய ஒரு கி.மீ. உயரத்துக்கு இதே சமன்பாட்டைத் தோராயமாகப் பயன்படுத்தலாம். வானிலையாளர்களுக்கு இது அன்றாடத் தேவை. பலூன்கள் கிடைமட்டக் காற்றை அளந்து சொல்லும். மழைக்கு வேண்டியதோ மேலெழும் காற்றின் வேகம். பரந்த மேகமூட்டங்களில் அது விநாடிக்கு ஒரு சில செ.மீ.தான், பலூனே அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது.

நூறு கி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்கள். மேற்கே உள்ளதில் காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிழக்கே வீசுகிறது, கிழக்கே உள்ளதில் 9 மீட்டர். வடக்கு தெற்காக மாற்றம் இல்லை, இந்த வித்தியாசம் ஒரு கி.மீ. உயரம் வரை அப்படியே இருக்கிறது என்று கொள்வோம். நுழைவது அதிகம், போவது குறைவு. மிச்சம் மேலேதான் ஏற வேண்டும். தரையில் செங்குத்து வேகம் பூஜ்யம் என்பது எல்லை. கணக்குப் போட்டால் ஒரு கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 1 செ.மீ. வருகிறது. சொற்பமாகத் தோன்றும். ஒரு நாளுக்கு அது 864 மீட்டர். ஈரக்காற்று மேகமாவதற்குப் போதுமான உயரம்.

ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் வித்தியாசமே ஒரு மீட்டர்தான். அளவீட்டில் ஒரு மீட்டர் பிழை இருந்தால் விடை இரண்டு மடங்காகலாம், இல்லாமலே போகலாம். இதை அடுக்கடுக்காக மேலே கூட்டிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு அடுக்கின் பிழையும் சேர்ந்துகொள்கிறது. மேலே போகப் போக அடர்த்தி குறைவதால் உயரத்துக்குப் பதில் அழுத்தத்தை அச்சாக வைத்துத்தான் எழுதுவார்கள். அப்படியும் பிழை சேர்வது நிற்காது. பன்னிரண்டு, பதினைந்து கி.மீ. உயரத்தில், காற்று ஏறுவது நின்றிருக்க வேண்டிய இடத்தில், கணக்கு அபத்தமான வேகத்தைக் காட்டும். கணக்கு கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 1970-இல் ஜேம்ஸ் ஓ’பிரையன் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். தரையில் மட்டுமல்லாமல் உச்சியிலும் வேகம் பூஜ்யம் என்று கட்டிப்போட்டு, மிஞ்சும் பிழையைக் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் அடுக்குகளுக்குப் பங்கிட்டுக் கழிப்பது அந்த முறை. ஓர் எல்லை போதாத இடத்தில் இரண்டு எல்லை.

வானிலை வரைபடத்தில் செங்குத்துக் காற்று என்று ஓர் எண்ணைப் பார்த்தால், பெரும்பாலும் அது எந்தக் கருவியும் அளந்ததல்ல. கணக்குப் போட்டு எடுத்தது.