எண்ணெய் பாட்டிலுக்குப் புது லேபிள்

லேபிள் மாறியதென்று பாட்டிலை மறுபடி படமெடுக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. பழைய படத்திலேயே ஃபோட்டோஷாப்பில் புதியதை ஒட்டிவிடுகிறார்கள். நல்லெண்ணெய் நிரம்பிய, 6 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

நம் கண்ணுக்குத் தெரியும் பாதிச் சுற்று உண்மையில் சுமார் 9.4 செ.மீ. நீளம். படத்தில் அது 6 செ.மீ. அகலத்துக்குள் அடங்கவேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருங்காது. நடுவிலுள்ள எழுத்து ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஓரத்தை ஒட்டிய 1.6 செ.மீ. தாளோ 4 மி.மீ. அகலத்துக்குள் நெருங்கிவிடும். லேபிளை மொத்தமாக அகலத்தில் குறுக்கி ஒட்டினால் தட்டையான அட்டை போலத்தான் தெரியும். Warp வசதியில் உருளை வடிவம் கொடுத்தால் இந்த நெருக்கம் கிடைக்கும். மேல், கீழ் விளிம்புகளின் வளைவு கேமராவின் உயரத்தைப் பொறுத்தது. கேமரா பாட்டிலின் கழுத்து மட்டத்தில் இருந்திருந்தால் இரண்டு விளிம்புகளும் கீழ்நோக்கித் தொய்யும், கீழ்விளிம்பு கூடுதலாக. பழைய லேபிளை அழிக்குமுன் அதன் வளைவைக் கோடாக வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

வளைவைச் சரியாகச் செய்தவர்களும் வெளிச்சத்தில் கோட்டைவிடுகிறார்கள். இந்தப் படத்தில் இருப்பது இருவகை ஒளி. விளக்கின் பிம்பமாகக் கண்ணாடியின் மேற்பரப்பில் விழும் வெள்ளைப் பட்டை ஒன்று. பின்னாலிருந்து நுழைந்து, எண்ணெயில் ஒளிவிலகிக் குவிந்து வரும் பொன்னிற ஒளி இன்னொன்று. முதலாவது தாளின் மேலும் விழும். இரண்டாவது தாளுக்குப் பின்னால் இருப்பது, தாள் அதை மறைத்தாகவேண்டும். பிரகாசமான பகுதி எல்லாவற்றையும் நகலெடுத்து Screen முறையில் லேபிள்மீது போட்டால், காகிதத்துக்குள்ளிருந்து எண்ணெய் ஒளிர்வது போலாகிவிடும். ஆகவே வெள்ளைப் பட்டையை மட்டும் தனி அடுக்காகப் பிரித்து, அதில் ஒட்டியிருக்கும் மஞ்சளை நீக்கவேண்டும். தாள் மினுமினுப்பில்லாதது என்றால் லேபிள் பரப்புக்குள் மட்டும் அந்தப் பட்டையை மங்கலாக்கி, அகலப்படுத்தி, வலுவைக் குறைக்கவேண்டும். கண்ணாடியில் கூர்மையாக இருக்கும் பட்டை தாளிலும் அதே கூர்மையோடு ஓடினால் லேபிளுக்கு மேல் இன்னொரு கண்ணாடி மூடியிருப்பதாகத் தோன்றும்.

புது லேபிள் பழையதைவிட உயரம் குறைவென்றால் வேறொரு சிக்கல்: இதுவரை மறைந்திருந்த எண்ணெயை நாமே உண்டாக்கவேண்டும். நிரம்பிய பாட்டில் ஒரு உருளை லென்ஸ். சற்றுத் தள்ளிப் பின்னாலிருக்கும் பொருளை அது இடவலமாகப் புரட்டிக் காட்டும். அதனால் பின்னணியை அப்படியே வெட்டி ஒட்டுவது பொருந்தாது. நல்ல வேளையாக, வளைவு பக்கவாட்டில் மட்டுமே இருக்கிறது. பின்னணி வெறுமையாக இருந்தால், லேபிளுக்கு மேலே தெரியும் எண்ணெயில் ஒரு மெல்லிய கிடைப்பட்டையை எடுத்துச் செங்குத்தாகக் கீழே நீட்டலாம். ஓரத்து இருளும் நடுவின் பொன்னிறமும் தத்தம் இடத்திலேயே நிற்கும். பக்கவாட்டில் மட்டும் நகர்த்தக்கூடாது.

கீழே குறுகும் பாட்டிலிலோ, வரிவரியாக வார்த்த கண்ணாடியிலோ இந்த நீட்டல் எடுபடாது. அங்கே லேபிளில்லாத பாட்டிலை அதே விளக்கில் ஒருமுறை படமெடுத்துவிடுவதுதான் குறைந்த வேலை.