கல்யாண சிடி பாதியில் நிற்கிறதா?

தகவல் துளி. பீரோவில் இருபது வருஷமாகக் கிடந்த கல்யாணப் போட்டோ சிடி, கணினியில் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறதா? வெளியே எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் பக்கத்தில் மட்டும் கீறல் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே இருப்பது வெறும் பிளாஸ்டிக். படங்கள் பதிவாகியிருப்பது பெயர் எழுதுகிற பக்கத்துக்கு ஒட்டினாற்போல், மெல்லிய பூச்சுக்குக் கீழே. அது உரிந்து ஊசித்துளையாய் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்துப் பதிவு போனது போனதுதான். மற்றவை மிஞ்சும்.

அழுக்கு இருந்தால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். எல்லோரும் வட்டமாகத்தான் துடைப்போம். அப்போது விழும் கீறல் பதிவுத் தடத்தோடு நீளமாக ஓடும், சிடியின் பிழை திருத்தும் ஏற்பாட்டால் அதை ஈடுகட்ட முடியாது. பிறகு வேறொரு டிரைவில் போடுங்கள். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு. அதற்கும் மசியாவிட்டால், லினக்ஸில் ddrescue என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்து வைத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.