ஊட்டியா, ஏற்காடா? பாட்டியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்!

மே மாதம் பிறந்துவிட்டால் கொட்டிவாக்கத்தில் கடல் இருந்தும் என்ன பிரயோஜனம்? மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் சரி, வராத அன்று ஃபேன் சுற்றச் சுற்ற வியர்வைதான் கொட்டும். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. "எங்கேயாவது மலைக்குப் போகலாம்ப்பா" என்று நச்சரிப்பு ஆரம்பம். எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசி, பத்து ஊர் பெயர் அடிபட்டு, கடைசியில் இரண்டு மிஞ்சும். ஊட்டி, ஏற்காடு. அதற்கப்புறம்தான் வீட்டில் நிஜமான சண்டையே!

அந்த இரண்டில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 72 வயது, பிளட் பிரஷர், முழங்கால் வலி, நீர் பிரியும் மாத்திரை. பாட்டிக்கு ஆஸ்துமா. கணவன், மனைவி. பிளஸ் ஒன் போகப்போகும் பெண். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கும் எட்டு வயதுப் பையன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்தான் கிடைக்கும். இந்த ஆறு பேரில் உங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்!

முதலில் குளிர்

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமாராக ஆறு டிகிரி குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மே மாதத்தில் ஏற்காட்டில் பகலில் 30 டிகிரியை ஒட்டியும், ராத்திரியில் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஊட்டியில் பகலில் 22, 23. விடியற்காலையில் 12, 13 வரை இறங்கும்.

"ஏற்காட்டில் பகலில் 30 டிகிரியா? அதுக்கு இங்கேயே இருக்கலாமே!" என்று உங்கள் பெண் கேட்பாள். ஒரு வகையில் நியாயம்தான். நண்பகல் வெயிலில் ஏற்காட்டு ஏரிக்கரையில் நின்றால் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் ராத்திரியைப் பாருங்கள். கொட்டிவாக்கத்தில் நடுராத்திரியிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத அந்த நாட்களில், 20 டிகிரியில் ஒரு போர்வையோடு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஊட்டியின் 12 டிகிரி, பெண்ணுக்கும் பையனுக்கும் கொண்டாட்டம். ஆஸ்துமா உள்ள பாட்டிக்கு அது வேறு விஷயம். குளிர்ந்த காற்றைத் திடீரென்று இழுக்கும்போது மூச்சுக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். வீஸிங் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் தலைகாட்டும். ஊட்டியில் குளிர் உச்சத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான். போதாக்குறைக்கு லாட்ஜ் கம்பளிகளின் தூசி வேறு!

உயரத்தையும் கவனிக்க வேண்டும். ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. ஏற்காட்டில் ஆறில் ஒரு பங்கு. மலை உச்சி நோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும், அதனால் ஊட்டியில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பொட்டானிக்கல் கார்டன் ஒரு சரிவில் அமைந்தது. சமதளத்தில் சிரமமில்லாமல் நடக்கும் தாத்தாவுக்கு அங்கே பாதி ஏறியதும் மூச்சு வாங்கும். முதல் நாள் ஏற்றம் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வாசலிலிருந்து வாசல் வரை

நேரக் கணக்குப் போடும்போது பலரும் ரயில் நேரத்தை மட்டும் பார்ப்பார்கள். கொட்டிவாக்கம் வீட்டு வாசலைப் பூட்டியதிலிருந்து, மலையில் லாட்ஜ் கட்டிலில் உட்காரும்வரை எத்தனை மணி நேரம்? அதுதான் கணக்கு.

ஊட்டிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் புறப்படும். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். ஆனால் பெட்டிகளோடு படி ஏறி இறங்க தாத்தாவின் முழங்கால் இடம் கொடுக்காது. டாக்ஸி என்றால் சாயங்கால நெரிசலுக்காக 6.30-க்கே கிளம்ப வேண்டும். மறுநாள் காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து வேனில் குன்னூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல். அறைக்குள் நுழையும்போது பத்து மணி ஆகிவிடும். ஆக, 15 மணி நேரத்துக்கு மேல்.

"மலை ரயில்ல போகலாமே!" என்பாள் பெண். 46 கிலோமீட்டர் பாதையில் மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற அருமையான ரயில்தான், சந்தேகமில்லை. ஆனால் குறுகலான இருக்கை. கழிப்பறைக்கு ரயில் நிற்கும் ஸ்டேஷனை எதிர்பார்க்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு இது சாதாரண விஷயமா? (அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அன்று மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.)

ஏற்காட்டுக்கு? 'ஏற்காடு எக்ஸ்பிரஸ்' என்று பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்! அது ஈரோடு போகும் ரயில். சேலத்தில் விடியுமுன், நாலு மணி வாக்கில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் லாட்ஜில் அறையும் தரமாட்டார்கள். காலை 6 மணிக்குப் பிறகு சென்ட்ரலில் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸ் நல்லது. வீட்டில் 4.30-க்குக் கிளம்பினால் சாலையும் காலியாக இருக்கும். 11 மணி வாக்கில் சேலம். அங்கிருந்து 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஒரு மணிக்குள் அறையில் இருப்பீர்கள். எட்டரை மணி நேரம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊட்டிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ஊரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு அரை நாள் போய்விடும். திரும்பும்போதும் அப்படித்தான். ஊட்டியில் ஞாயிறு மாலை வரை இருந்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். ஏற்காட்டில் மூன்றரை மணிக்கே மூட்டை கட்ட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஊட்டிதான் லாபம். ஆனால் அந்த லாபத்துக்கு விலை, ரயிலில் இரண்டு ராத்திரித் தூக்கம். உங்களுக்கு அது பெரிதில்லை. 72 வயதில் அது பெரிசு. வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் அறையில் படுத்துவிட்டால், கிடைத்த அரை நாள் யாருக்கு?

பையனுடைய வாந்திக்கும் இதே கணக்குதான். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14. 'ஊட்டிதான் பரவாயில்லை' என்று அவசரப்படாதீர்கள். ஏற்காட்டில் ஒரு மணி நேரத்தில் தொல்லை தீரும். ஊட்டிப் பாதையில் சின்னச் சின்ன வளைவுகள் ஊர் போய்ச் சேரும்வரை தொடரும். எந்த மலையானாலும் பையனை முன் சீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் வாந்தி நிச்சயம். வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்!

பர்ஸ் என்ன சொல்கிறது?

சாப்பாட்டுச் செலவு இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அறையிலும் வேனிலும். இரண்டு ஊரிலும் கோடை விழா மே மாதத்தில்தான் நடக்கும். அந்த நாட்களில் அறை வாடகை எகிறும். உங்கள் தேதிகளைச் சொல்லி, இரண்டு ஊரிலும் மூன்று மூன்று லாட்ஜில் விசாரியுங்கள். உதாரணத்துக்கு ஊட்டியில் அறை 4,500, ஏற்காட்டில் 3,500 என்று வைத்துக்கொண்டால், இரண்டு அறை, இரண்டு ராத்திரிக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். வேன் வாடகையில் இன்னொரு மூன்று, நாலாயிரம்.

ரயிலில் முதியோர் சலுகை உண்டு என்று இன்னமும் பல தாத்தாக்கள் கணக்குப் போடுகிறார்கள். அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். முன்பதிவும் முன்போல 120 நாள் அல்ல, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான்.

சொந்தக் காரில் ஊட்டி போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வந்தது. 2025 கோடையில், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இது இல்லை. அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது பிடிக்கும்?

"எல்லாரும் சொல்லுங்க, எந்த ஊர்?" என்று கேட்டால், சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். ஊர் பெயரே சொல்லாமல், ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். 'எது இருந்தே ஆகணும்? எது உங்களால முடியவே முடியாது?'

நம் உதாரணக் குடும்பத்தில் பெண்ணுக்கு ஸ்வெட்டர் போடுகிற குளிர் வேண்டும். பையனுக்குப் படகு. அது இரண்டு ஏரியிலும் உண்டு. தாத்தாவுக்கு அதிகம் நடக்காமல் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம். ஏற்காட்டில் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் இரண்டும் அவருக்காகவே செய்தது போலிருக்கும். பாட்டிக்குக் கோயில் இருந்தால் போதும். சேர்வராயன் மலை உச்சியில் குகைக்கோயில் இருக்கிறது. உள்ளே குனிந்துதான் போக வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். கிளியூர் அருவியை மட்டும் மே மாதத்தில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மழை பெய்யாவிட்டால் பாறைதான் தெரியும். படிகளோ ஏராளம்.

இவ்வளவும் பேசும்போது பாட்டி, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருந்துக்கறேன்" என்று சொன்னால், 'சரி, அவங்களுக்கு இஷ்டமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது இஷ்டமில்லாத பேச்சு அல்ல. ராத்திரி வீஸிங் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுவோமோ என்கிற பயம். ஊட்டி என்றபோது அப்படிச் சொன்னவர் ஏற்காடு என்றதும் சும்மா இருந்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. மற்ற ஐந்து பேர் ஊட்டிக்குக் கை தூக்கினாலும் சரி, இந்தக் குடும்பத்துக்கு ஏற்காடுதான். பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். குளிர் ஆசைக்கு அவள் இன்னொரு தடவை பள்ளித் தோழிகளோடு ஊட்டிக்குப் போகலாம். பாட்டிக்கு அப்படி இன்னொரு கூட்டம் கிடையாது.

இதே குடும்பத்தில் பாட்டிக்கு ஆஸ்துமா இல்லை, ஆனால் தாத்தாவுக்கு இதயக் கோளாறு என்றால்? அப்போது ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும். ஊட்டியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஏற்காட்டில் இருப்பது சிறிய அரசு ஆஸ்பத்திரி. பெரிய சிகிச்சைக்கு ராத்திரியானாலும் அந்த 20 வளைவுகளில் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். ஆனால் உயரமும் குளிரும் ஊட்டியில்தான் அதிகம். ஆகவே அண்மையில் நெஞ்சுவலி வந்தவராக இருந்தால், ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் அவருடைய டாக்டரைப் பாருங்கள். "மலைக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "2,240 மீட்டரா, 1,500 மீட்டரா?" என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

டிக்கெட் போட்டாச்சு என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பாட்டியை அவருடைய டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இன்ஹேலரில் எத்தனை டோஸ் மிச்சம் என்று பாருங்கள். பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் மலைமேல் மத்தியானத்துக்கு மேல் இடி, மின்னலோடு மழை வருவது சகஜம். ஆகவே படகும் கோயிலும் காலையிலேயே முடியட்டும்.