குதிப்பை வரையும் கணக்கு

நின்ற இடத்திலிருந்து ஒரு கதாபாத்திரம் நேராக மேலே குதிப்பதை அனிமேஷனில் வரையும்போது, பார்வையாளரை நம்பவைப்பது காற்றில் இருக்கும் படங்கள் மட்டுமல்ல. குதிப்பதற்கு முன் உடல் தாழும் தயாரிப்பும், தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல் தொடரும் அசைவும் சேர்ந்துதான் அந்த எடையைக் காட்டுகின்றன. முன்னதற்கு ஆன்டிசிபேஷன் என்றும் பின்னதற்கு ஃபாலோ த்ரூ என்றும் பெயர். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் தொகுத்த 12 அனிமேஷன் விதிகளில் இவை இரண்டும் உண்டு.

இவற்றைத் தாளில் திட்டமிட உதவுவது டைமிங் சார்ட். முக்கியப் படமான கீயின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதன் இரு முனைகளிலும் அடுத்தடுத்த இரண்டு கீகளின் எண்களை எழுதுவார்கள். நடுவில் வரும் படங்கள் சிறு குறுக்குக் கோடுகளாக இடம்பெறும். கோடுகள் நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகமாகும்.

பின்னல் போட்ட ஒரு சிறுமி, நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் குதிக்கிறாள் என்று கொள்ளலாம். 1-ஆம் ஃபிரேமில் அவள் நிற்கிறாள். 13-இல் முழங்கால் மடங்கி மிகத் தாழ்ந்திருக்கிறாள். இந்த அரை நொடியை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தால் போதும். 5-ஆம் எண் படத்தைப் பாதி வழியில் வைத்து, மிச்சத்தில் பாதியில் 7, அதில் பாதியில் 9 என்று நெருக்கிக்கொண்டே போனால் இடுப்பு மெல்ல அடங்கும். 13 முதல் 17 வரை உடல் மிகச் சிறிதளவே தாழ்கிறது. கைகள் மட்டும் தாமதமாகப் பின்னால் போய்ச் சேர்கின்றன. அவள் குதிக்கப்போகிறாள் என்பது பார்ப்பவருக்குப் புரிவது இந்த நான்கு ஃபிரேமில்தான். இதை வெட்டிவிட்டால் குதிப்பு கண்ணில் பதியாமலே போய்விடும்.

17-இலிருந்து 20-க்குள் உந்தல் முடிகிறது. நிஜத்தில் இதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். வரையும்போது சுருக்கினால் துள்ளல் கூடும். 18-ஐ 17-க்கு அருகில் வைத்து, 19-க்குப் பெரிய இடைவெளி விடவேண்டும். 20-இல் உடல் முழுக்க நீண்டிருக்கும், கால் விரல்கள் மட்டும் தரையில் இருக்கும்.

காற்றில் 7 ஃபிரேம் ஏற்றம், 7 ஃபிரேம் இறக்கம். உச்சி 27, தரையைத் தொடுவது 34. இங்கே இடைவெளியைப் புவியீர்ப்பே முடிவு செய்கிறது: உச்சியிலிருந்து விழும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் வளரும்.

```
27 ||  |    |      |        |          |            | 34
```

முதல் ஃபிரேமில் 0.85 செ.மீ., கடைசி ஃபிரேமில் ஏறக்குறைய 11 செ.மீ. மொத்த உயரம் சுமார் 42 செ.மீ. ஏற்றத்துக்கு இதே சார்ட்டைத் திருப்பிப் போட்டால் போதும். வேகம் இவ்வளவு இருப்பதால் காற்றில் ஃபிரேமுக்கு ஒரு படம் வேண்டும். இல்லாவிட்டால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும்.

மாணவர்கள் அடிக்கடி தவறுவது 34-இல்தான். தரை வருகிறதே என்று அதற்கு முன்பே கோடுகளை நெருக்கிவிடுகிறார்கள். உடனே பாத்திரம் கயிற்றில் கட்டி இறக்கப்பட்டதுபோல் எடையற்றுப் போகிறது. தொடும் ஃபிரேமுக்கு முந்தைய இடைவெளியே எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கவேண்டும். பாதம் நின்ற பிறகும் இடுப்பு கீழே போகிறது: 35-இல் ஏறத்தாழ அதே வேகம், 36-இல் குறைவு, 37-இல் அடிமட்டம். பிறகு 49 வரை மெல்ல நிமிர்கிறாள்.

பின்னலுக்குத் தனிச் சார்ட் வேண்டும். உடல் ஏறும்போது அது கீழ்நோக்கி இழுபடும். உச்சியில் உடல் நின்றாலும் பின்னல் மேலே போகும். 34-இல் அதன் நுனி இன்னும் தலைக்கு மேல் இருக்கும், 40-இல்தான் அடிமட்டத்துக்கு வரும். மறுபடி சிறிது எழும்பி, உடல் அசைவற்று நின்றபின் 57 வாக்கில் ஓயும். அடிப்பகுதி முதலில், நுனி கடைசியில் என்பதே வரிசை. பின்னலும் உடலும் ஒரே ஃபிரேமில் நின்றால் முழு உருவமும் மரப்பாச்சிபோல் விறைத்துவிடும். முதலில் பின்னல் இல்லாமல் உடலை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. உடலின் குதிப்பில் குறை இருந்தால் பின்னல் அதை மறைக்காது.

கனத்த பாத்திரத்தைக் காட்ட, அதைக் காற்றில் அதிக நேரம் வைப்பது தவறான வழி. காற்றில் இருக்கும் நேரம் எடையைப் பொறுத்ததல்ல, உயரத்தைப் பொறுத்தது. கனத்தவர் குறைந்த உயரமே எழும்புவார் என்றால் ஏற்றம் 3 ஃபிரேமில் முடியும், உயரம் 8 செ.மீ.க்கும் குறைவு. எடையைக் காட்ட நீட்டவேண்டியவை தாழும் 12 ஃபிரேமும் நிமிரும் கடைசி 12 ஃபிரேமும்தான்.